சென்னையிலிருந்து நியூயார்க்: குப்பியா பேனாவா, ஐஸா ஈரப்பையா, எந்த ஊர் கடிகாரம்?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மா ஒருவரை வைத்துப் பேசுவோம். 30/70 கலப்பு இன்சுலின், காலை 18 யூனிட், இரவு 12. கோடையில் மூன்று மாதம் தங்கல். வளைகுடாவில் விமானம் மாறி, வீட்டுக்கு வீடு ஒரு நாளுக்கு மேல் ஆகிற பயணம்.

குப்பியும் சிரிஞ்சும், அல்லது பேனா

நம் ஊர் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 10 மில்லி குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்தான் இருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. அமெரிக்காவில் 40 யூனிட் குப்பி புழக்கத்திலேயே இல்லை. அங்கே குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சு மூடி ஆரஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துபோய் அங்கே வாங்கிய சிரிஞ்சில் நம் குப்பி மருந்தை '18' கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 7 யூனிட் சொச்சம். சுகர் ஏறும், காரணம் பிடிபடாது. இதன் மறுபுறம் இன்னும் மோசம். அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 18 இழுத்தால் உள்ளே போவது 45 யூனிட். தூக்கத்திலேயே மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

பேனா கார்ட்ரிட்ஜ் இங்கும் அங்கும் மில்லிக்கு 100 யூனிட்தான் என்பதால் இந்தக் குழப்பமே வராது. விலை கூடுதல், உண்மை. எண்ணிக்கையும் கூடும். குப்பியில் 90 நாளைக்கு 2,700 யூனிட், அதாவது 7 குப்பி போதும். பேனாவில் ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே தள்ளிப் பார்க்க வேண்டியிருப்பதால் நாளைக்கு 34 யூனிட், மொத்தம் 3,060. 300 யூனிட் கார்ட்ரிட்ஜ் 11 வேண்டும். இரண்டு உபரி சேர்த்து 13. அப்படியும் என் ஓட்டு பேனாவுக்கே. இடைகழி இருக்கையில் உட்கார்ந்து குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்து இழுப்பது லேசான காரியமில்லை. கேபின் அழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதால், தரையில் மூடிய குப்பிக்குள் அழுத்தம் ஏற்கெனவே மிகுந்திருக்கும். வழக்கம்போல் காற்றை உள்ளே செலுத்தினால் மருந்து பீய்ச்சிக்கொண்டு வரும், அளவு தப்பும். வானத்தில் குப்பி என்றால் காற்றுச் செலுத்தாமலே இழுக்க வேண்டும்.

பேனாவிலும் ஒரு தப்பு நடக்கும். ஊசியைக் கழற்றாமல் பைக்குள் போட்டால், விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் விரிந்து மருந்தைக் கசியவிடும், இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும். போட்டவுடன் ஊசியைக் கழற்றிவிட்டால் இது வராது.

ஐஸ் ஜெல், ஈரப்பை, ஒன்றுமே இல்லாமல்

இதில் அநாவசியச் செலவுதான் அதிகம். இப்போது பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்குக் குளிரூட்டலே வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும், கேபினில் 22 முதல் 24 டிகிரிதான். குளிர்ச்சி வேண்டியது மூன்று மாதக் கையிருப்புக்கு.

தண்ணீரில் ஊறவைக்கும் ஈரப்பை, ஈரம் ஆவியாவதால் குளிர்கிறது. காற்று வறண்டிருந்தால் அருமையாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில், 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், எவ்வளவு ஊறவைத்தாலும் அதால் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது. மூடிய கைப்பைக்குள் திணித்தால் ஆவியாக வழியே இல்லை. ஆகவே கையிருப்புக்கு வாய் அகன்ற ஸ்டீல் ஃப்ளாஸ்கும் உறைந்த ஜெல்லும்தான் சரி. ஆனால் ஜெல் கார்ட்ரிட்ஜைத் தொடக் கூடாது. தொட்டால் மருந்து உறையும், உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஜெல்லைக் கைத்துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, கார்ட்ரிட்ஜ்களை அவற்றின் அட்டைப் பெட்டியோடு வைக்கலாம். உறைந்து கெட்டதைக் கலப்பு இன்சுலினில் கண்ணாலேயே பார்க்கலாம்: உள்ளங்கைகளில் உருட்டினாலும் சீரான பால்போல் ஆகாமல் திப்பி திப்பியாக நிற்கும், கண்ணாடியில் படலம் ஒட்டும். நாளைக்கு ஒருமுறை போடும் கிளார்ஜின் போன்ற தெளிந்த இன்சுலின் கெட்டும் தெளிவாகவே தெரியலாம், அதுதான் ஆபத்து. இதே காரணத்தால் விமான ஊழியரிடம் 'ஃப்ரிட்ஜில் வையுங்கள்' என்று கொடுக்க வேண்டாம். அங்கே உலர்பனி பக்கத்தில் போய் உட்காரலாம், இறங்கும்போது மறக்கவும் நேரும்.

செக்-இன் பெட்டி போட்டியிலேயே இல்லை. பெட்டி தொலைந்தால் மூன்று மாத மருந்தும் போச்சு.

பாதுகாப்புச் சோதனையில் சிக்குவது பெரும்பாலும் இந்த ஜெல்தான். கல்லாக உறைந்திருந்தால் கேள்வி குறைவு. பாதி உருகினால் திரவமாகப் பார்ப்பவர் உண்டு. வளைகுடாவில் மறுபடி சோதனை வரும்போது அது உருகித்தான் இருக்கும். அமெரிக்க விதிப்படி மருந்துக்கான ஜெல் உருகியிருந்தாலும் அனுமதி உண்டு, ஆனால் நாமாகச் சொல்ல வேண்டும். கைப்பையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே தெளிவான பையில் எடுத்துத் தட்டில் வைத்து, 'இன்சுலின், ஊசி' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவர் கடிதத்தில் பிராண்டுப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும், ஊசி, மீட்டர், குளிர்பொதி என்ற சொற்களும் இருக்கட்டும். எக்ஸ்ரே குளுக்கோமீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் ஒன்றும் செய்யாது. கையில் ஒட்டிய சென்சார் வேறு கதை, அதன் கையேட்டைப் பார்த்து உடல் ஸ்கேனருக்குப் பதில் கைச்சோதனை கேளுங்கள். லோ சுகருக்குக் குளுக்கோஸ் பெரிய பொட்டலமாக வேண்டாம். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லி அளவைத் தாண்டிய பொடியைத் தனியாகச் சோதிப்பார்கள். மாத்திரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் நாளைக்கு இரண்டு வீதம் 180, அதாவது 50 உள்ள டப்பா நான்கு. அங்கே அதே பெயரில் கிடைப்பது நம் மீட்டருக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். இங்கும் அங்கும் mg/dL என்பதால் எண் குழப்பம் இல்லை. கனடாவுக்கோ லண்டனுக்கோ போனால் அங்குள்ள மீட்டர் mmol/L காட்டும், 18-ஆல் பெருக்க வேண்டும்.

இந்திய நேரமா, ஊர் நேரமா

கிளார்ஜின் மட்டும் போடுகிறவருக்கு இந்திய நேரமே சுலபம். இரவு 10 மணி ஊசி, கோடையில் நியூயார்க்கில் பகல் 12:30. அப்படியே தொடரலாம், எந்தக் கணக்கும் வேண்டாம். கலப்பு இன்சுலின் சாப்பாட்டோடு கட்டுண்டது, அதனால் அம்மாவுக்கு இது ஆகாது.

போகும்போது நாள் 9½ மணி நேரம் நீளும், எனவே ஓர் ஊசி கூடும். விடியற்காலை 4 மணிக்குச் சென்னையில் ஏறினால், வளைகுடாவில் இறங்கி இந்திய நேரம் காலை 8:30-க்குக் கையில் இருக்கும் இட்லியோடு 18. இரண்டாவது விமானத்தில் இந்திய நேரம் இரவு 8 மணிக்கு 12, தட்டு முன்னால் வந்த பிறகு, அல்லது கையிலுள்ள சப்பாத்தியை எடுத்துவைத்துக்கொண்டு. நியூயார்க்கில் அன்று இரவு 8 மணிக்கு இன்னொரு ஊசி. இடையே 12 மணி நேரத்துக்குப் பதில் 9½ மணி நேரம்தான் என்பதால், இந்த மூன்றாவது ஊசியின் அளவை மட்டும் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போதுதான் சறுக்கல். நாள் சுருங்குவதால் ஓர் ஊசி விடுபட வேண்டும். நியூயார்க் நேரம் இரவு 8-க்கு விமானத்தில் 12 போட்டால், அது இந்தியாவில் காலை 5:30. வளைகுடாவில் இறங்கும்போது விடிந்திருக்கும், எதிரே காலைச் சிற்றுண்டி. 'காலை ஊசி' என்று 18 போடக் கை போகும். முந்தைய ஊசி போட்டு நான்கு மணி நேரம்தான் ஆகியிருக்கும். போட்டால் சென்னை விமானத்திலேயே லோ சுகர். அந்த 18-ஐ விட்டுவிட்டு, மீட்டரைப் பார்த்து லேசாகச் சாப்பிட்டு, அடுத்ததைச் சென்னை இரவுச் சாப்பாட்டோடு போடுவதே கணக்கு.