ராகு காலத்துக்கு முன்னால் போட்ட ஒரு கையெழுத்து

தங்கச்சி கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய ஃபிரிட்ஜில் நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடையின் சாமர்த்தியம் பாதி என்றால் என் அவசரம் பாதி. பெரிய சாமான் ஏதாவது வீட்டுக்கு வர இருக்கிறவர்கள், முக்கியமாகச் சீர் சாமான் அனுப்பப் போகிறவர்கள், வண்டி வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடை. கட்டில், பீரோ, 260 லிட்டர் டபுள் டோர் ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கினோம். ஃபிரிட்ஜ் மட்டும் 29,500 ரூபாய். மாப்பிள்ளை வீடு கல்லிடைக்குறிச்சியில். கடையிலிருந்து நேராக அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிடுவதாகப் பேச்சு. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் சாமான் வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும் என்று தங்கச்சியின் மாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் எட்டு மணிக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி யானை தெருமுனை திரும்பும்போது மணி பத்து பத்து.

பின்கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் பெட்டி படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டுகிற இரண்டு அம்புக்குறிகளும் டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது பக்கக் கீழ் மூலையில் அட்டை நசுங்கியிருந்தது. சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை இரண்டில் ஒன்றைக் காணோம். பையன்கள் தூக்கி நிறுத்தியபோது அடியிலிருந்து தெர்மகோல் பொரி மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு நாம் கொண்டுவந்த சீரை நாமே குறை சொல்வதா? எதிர்வீட்டுத் திண்ணை முழுக்க ஆள். அத்தை ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். டிரைவர் தம்பி அட்டையில் செருகிய தாளை நீட்டினான்.

"பெட்டியப் பிரிச்சிராதீங்க அண்ணாச்சி. கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்கணும், இல்லன்னா வாரண்டி போயிரும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு லோடு கெடக்கு."

போட்டேன். மணி 10.22. கையெழுத்துக்கு மேலே எறும்பு எழுத்தில் 'பொருட்களைச் சரிபார்த்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். அதே கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டு வாங்கினால் ஒரு அப்பளம் ஒடிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள்தான் கம்பெனி ஆள் வந்து பெட்டியைப் பிரித்தார். இடது பக்கத் தகட்டில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. கீழ்க்கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது. படுத்து வந்த ஃபிரிட்ஜை நிமிர்த்திவைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதால் காத்திருக்காமல் உடனே சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, கம்ப்ரஸர் ஓடியது. "சொட்டைதானே, பக்கவாட்டுல இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது" என்று நானே தங்கச்சியைச் சமாதானப்படுத்தினேன். மறுநாள் காலையில் ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

திரும்ப வந்த மெக்கானிக் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய ஃபிரிட்ஜ்களில் முதுகில் கறுப்பாகக் கம்பி வலை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் சூட்டை வெளியே விடுகிற கண்டென்ஸர். இப்போது வருகிற பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கமாகவே ஒட்டிவிடுகிறார்கள். ஓடும்போது ஃபிரிட்ஜின் பக்கத்தில் கை வைத்தால் கதகதவென்று இருப்பது அதனால்தான். அந்த மாதிரி மாடலில் பக்கத் தகட்டில் அடி விழுந்தால், அது குழாயின் மேல் விழுந்த அடியாகவும் இருக்கலாம். எல்லாச் சொட்டையும் குழாயை உடைப்பதில்லை. ஆனால் எங்கள் ஃபிரிட்ஜில் குழாய் மடங்கி விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருக்கிற கேஸே 50, 60 கிராம் அளவுதான், மெல்லக் கசிந்து தீர்ந்துவிட்டது. தகட்டுக்கும் உள்பெட்டிக்கும் நடுவில் நுரையை ஊற்றி இறுக வைத்திருப்பதால் குழாயைப் பிரித்துப் பற்றவைக்க முடியாது. அதனால் பக்கச் சொட்டையை அழகுக் குறை என்று விட்டுவிடாதீர்கள். பீரோவில் சொட்டை விழுந்தால் அது வெறும் சொட்டை, ஃபிரிட்ஜில் அப்படியில்லை.

மெக்கானிக் தன் அறிக்கையில் 'வெளி அடி, வாரண்டியில் வராது' என்று எழுதிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. வண்டியில் பட்ட அடிக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, அது விற்ற கடைக்கும் நமக்கும் உள்ள வழக்கு. கடைக்குப் போனால் மேனேஜர் மேஜையைத் திறந்து அந்தச் சலானை எடுத்து வைத்தார். "நல்ல நிலையில வாங்கியிருக்கீங்களே அண்ணாச்சி. பன்னிரண்டு நாள் உங்க வீட்லதான் இருந்திருக்கு. கல்யாண வீடு, நாலு பேரு நகட்டியிருப்பாவ." அவர் பேச்சில் ஒரு கோபம்கூட இல்லை. கோபப்பட அவருக்கு அவசியமும் இல்லை, என் கையெழுத்துதான் அவர் கையில் இருக்கிறதே.

அந்தக் கையெழுத்தோடு நம் உரிமை முடிந்துவிடுவதில்லை. ஆனால் அடி வண்டியில்தான் பட்டது என்று நிரூபிக்கிற சுமை நம் தலையில் வந்துவிடுகிறது. என்னைக் காப்பாற்றியது மாப்பிள்ளையின் அக்கா மகன். சீர் இறங்குவதை அந்தப் பையன் செல்போனில் நாற்பது வினாடி வீடியோ எடுத்திருந்தான். படுத்துக் கிடந்த பெட்டி, நசுங்கிய மூலை, உதிர்கிற தெர்மகோல் எல்லாம் அதில் இருந்தன, தேதியோடும் நேரத்தோடும். அதைச் சேர்த்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகலாம், வாங்குகிறவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதுவரை போகத் தேவைப்படவில்லை. ஒன்றரை மாதம் இழுத்தடித்து வேறு ஃபிரிட்ஜ் கொடுத்தார்கள், 'வண்டிச் செலவு' என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு. சண்டை போட்டிருக்கலாம். புதுப்பெண் ஒன்றரை மாதமாக மாமியார் வீட்டில் "அண்ணன் வாங்கின ஃபிரிட்ஜ்" பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதால் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வந்தது, பாளையங்கோட்டை வீட்டுக்கு. கடை வேறு, ஆனால் அட்டையில் செருகிய தாளும் "கம்பெனி ஆள் வந்துதான்" பாட்டும் அப்படியே. இந்தத் தடவை இறக்குவதற்கு முன்பே வண்டிக்குள் வைத்து நான்கு மூலைகளையும் படம் எடுத்தேன். முன்பக்க அடிமூலையில் அட்டை கிழிந்திருந்தது. "பிரித்துக் காட்டுங்கள்" என்றேன். முடியாது என்றான் டிரைவர். "சரி, பிரிக்க வேண்டாம். பிரிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். அவன் முகம் மாறியது.

"எழுதினா என் சம்பளத்துல பிடிப்பாவ அண்ணாச்சி."

பாவம்தான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கடைக்குப் போன் போட்டு அவனையே பேசச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசிவிட்டு அட்டையை நீட்டினான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அச்சடித்த அந்த வரியை அடித்துவிட்டு, இப்படி எழுதினேன்: 'பெட்டி பிரித்துப் பார்க்கப்படவில்லை. முன்பக்க வலது கீழ் மூலையில் அட்டை சுமார் ஒரு சாண் கிழிந்துள்ளது, உள்ளே தகடு தெரிகிறது. நல்ல நிலை என உறுதி கூறவில்லை.' கீழே நேரம், வண்டி நம்பர், அதற்கும் கீழே என் கையெழுத்து, பக்கத்தில் அவன் கையெழுத்து. வெறுமனே 'டேமேஜ்' என்று எழுதினால் போதாது. எந்த இடம், எவ்வளவு அளவு, பிரித்துப் பார்த்தோமா இல்லையா, இந்த மூன்றும் இருந்தால்தான் பின்னால் அதற்குப் பொருள் உண்டு.

இன்னொன்று, பலரும் தப்பு விடுவது இங்கேதான். ஜிஎஸ்டி விதிப்படி பொருளுக்குப் போடும் பில் மூன்று பிரதி: வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று. டெலிவரி சலான் போட்டாலும் அதே கணக்கு. நம் கையில் இருக்கிற தாளில் மட்டும் குறிப்பு எழுதினால், அவர்கள் கையில் உள்ளது சுத்தமான கையெழுத்தாகவே இருக்கும். கார்பன் தாள் நகராமல் எல்லாப் பிரதியிலும் பதிந்திருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் தனியாக எழுதுங்கள். அவன் எடுத்துப் போகிற பிரதியைக் கண்டிப்பாகப் படம் எடுங்கள். நான் எடுத்தேன். மெஷினைப் பிரித்தபோது கால் பக்கத்தில் தகடு வளைந்திருந்தது, நான்காம் நாள் வேறு மெஷின் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆன்லைனில் வாங்கினால் தாளே வராது, ஓடிபி சொன்னால் அதுதான் கையெழுத்து. அதில் குறிப்பு எழுத இடம் இல்லை. ஆகவே பிரித்துப் பார்க்கும் முன் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். பிரிக்கவும் விடவில்லை, பெட்டியும் நசுங்கியிருக்கிறது என்றால், படம் எடுத்துவிட்டு வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். ராகு காலம் பிறந்தாலும் பரவாயில்லை, அது பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும்.