டன் கூலி குறைவென்று ஆலைக்கொட்டகைக்குக் கரும்பு ஓட்டாதீர்கள்: எனக்கு வெல்லம் கிலோ 69 ரூபாயில் வந்து நின்ற கணக்கு

பரமத்தி வேலூர்ப் பக்கம் சொந்தக் கரும்பைக் கூலிக்கு ஆட்டி வெல்லம் காய்ச்ச நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொட்டகையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன.

என் கரும்பு கோ 86032, ஐந்து டன். இந்த ஆலைக்காரர் ஆட்டுக்கூலி, காய்ச்சுகிற ஆள்கூலி எல்லாம் சேர்த்து டன்னுக்கு 1,100 கேட்டார். பக்கத்து ஊரில் 1,500. "எரிக்க விறகு வேண்டாம், உங்க சக்கையே போதும்" என்றும் சொன்னார். சர்க்கரை ஆலைக்குக் கொடுத்தால் 9.5 சதவீதத்துக்குக் குறைந்த சர்க்கரைக் கட்டுமானத்துக்கே 2025-26 விலை டன்னுக்கு சுமார் 3,290. அதையே என் கரும்பின் விலையாக வைத்துக்கொண்டேன். வெட்டுக்கூலி அதற்குள் அடக்கம் என்பதால் தனியாகக் கூட்டவில்லை. டிராக்டர் வாடகை 250. ஆக ஆட்டுக்கூலியும் சேர்த்து டன்னுக்கு 4,640. டன்னுக்கு 100 கிலோ வெல்லம் இறங்கினால் கிலோ 46 ரூபாய் 40 காசு.

இறங்கியது ஐந்து டன்னுக்கும் சேர்த்து 390 கிலோ.

இரண்டாவது டன் ஓடும்போதே சக்கையைப் பார்த்தால் ஏதோ சரியில்லை. ஒரு பிடி அள்ளி முறுக்கினேன், விரலிடுக்கில் சாறு வழிந்தது. நன்றாகப் பிழிந்த சக்கை கையில் ஈரப்பிசுக்கு மட்டும்தான் விடும். அங்கேயே தராசில் 50 கிலோ கரும்பைப் போட்டு ஆட்டச் சொன்னேன். சாறு 25 கிலோ. மூன்று உருளை எந்திரம் ஒழுங்காக இருந்தால் 30 கிலோவுக்குக் குறையாமல் வரவேண்டும். உருளையில் வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன, இடைவெளியும் தளர்ந்திருந்தது. அது போதாதென்று ஒரே நேரத்தில் கத்தை கத்தையாகக் கரும்பைத் திணித்தார்கள். ஏன் என்று யோசித்தால் புரியும். அவருக்குக் கூலி டன் கணக்கில், டீசலும் ஆளும் மணிக்கணக்கில். சீக்கிரம் ஓட்டி முடித்தால் அவருக்கு லாபம், சக்கையில் தங்கிய சாறு நமக்கு நஷ்டம்.

இந்த ஈரச் சக்கை எரியவும் எரியாது. வழக்கமாக நம் பச்சைச் சக்கையைக் காயப்போட்டுவிட்டு, முன்பே காய்ந்த சக்கையைக் கொட்டகைக்காரர் அடுப்புக்குத் தருவார். இவரோ "போன மழையில் நனைஞ்சுபோச்சு" என்று கையை விரித்துவிட்டு, தன்னிடமிருந்த விறகையே 2,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். காய்ந்த சக்கை லாரியில் ஏறி வெளியே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், அது வேறு விஷயம். தீ நிற்காததால் கொப்பரை இறங்க நேரம் இழுத்தது, காய்ச்சுகிறவர்களுக்கு மேல்கூலி என்று 1,500 கேட்டார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கரும்பு 16,450, டிராக்டர் 1,250, பேசிய கூலி 5,500, விறகு 2,400, மேல்கூலி 1,500. மொத்தம் 27,100. இதை 390 ஆல் வகுத்தால் கிலோ 69 ரூபாய் 50 காசு. 30 கிலோ சிப்பம் 1,500 ரூபாய்க்குத்தான் போனது, அதாவது கிலோ 50.

விறகும் மேல்கூலியும் கண்ணில் படுகிற செலவு, கிலோவுக்குப் பத்து ரூபாய். அதைவிடப் பெரிய அடி எடையில் விழுந்தது. பேசிய 23,200 ரூபாயை 500 கிலோவுக்குப் பதில் 390 கிலோவால் வகுத்தாலே கிலோ 59 ரூபாய் 50 காசு ஆகிவிடுகிறது. 13 ரூபாய் அங்கேயே போய்விட்டது.

கேட்டதற்கு "உங்க கரும்புல சத்து இல்ல" என்றார். அதே வயலின் மறுபாதியைப் பங்காளி மறுவாரம் அந்த 1,500 ரூபாய்க் கொட்டகையில் ஆட்டினார், டன்னுக்கு 98 கிலோ. விறகுச் செலவு இல்லை. அவருக்குக் கிலோ 51 ரூபாய் 40 காசில் முடிந்தது. பெரிய லாபமில்லைதான், ஆனால் கரும்பின் விலை கிட்டத்தட்ட மீண்டது. டன்னுக்கு 400 ரூபாய் கூடுதல் கூலி என்பது கிலோவில் நாலு ரூபாய்தான்.

இன்னொன்றும் சொன்னார் அந்த ஆலைக்காரர்: "ரெண்டு மூட்டை சீனி போட்டிருந்தா எடை நின்னிருக்கும்." அது கலப்படம். சேலம், நாமக்கல் பக்கம் உணவுப் பாதுகாப்புத் துறை இப்படிக் காய்ச்சியதைப் பறிமுதல் செய்கிறது. மாட்டினால் சரக்கு நம்முடையது.

போவதாக இருந்தால் முதல் 50 கிலோவை நிறுத்து ஆட்டச் சொல்லுங்கள். சாறு 30 கிலோ வரவில்லையென்றால் மீதி வண்டியை இறக்காதீர்கள். ஆனால் வெட்டிய கரும்பை நாள் கணக்கில் போட்டு வைத்தாலும் சர்க்கரை குறையும், வெல்லம் இறுகாது, அதனால் மாற்று இடத்தை முன்பே பேசி வையுங்கள். கூலியை டன்னுக்குப் பேசாமல் இறங்கும் வெல்லத்தின் கிலோவுக்குப் பேசினால், பிழிவது அவருக்கும் அக்கறையாகிவிடும். அப்புறம் அவர் பாகைக் கொஞ்சம் இளக்கமாகவே இறக்கி ஈரத்தில் எடை காட்டப் பார்ப்பார். ஓர் இரவு ஆறவிட்டு, காலையில் எடை போட்ட பிறகே காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.