பாவித்த கைத்தொலைபேசி வாங்குவோருக்கு: என் 68,000 ரூபாவுக்கு நேர்ந்தது

கடந்த தை மாதம் யாழ்ப்பாண நகரின் நடுவில் உள்ள ஒரு கடையில் 68,000 ரூபா கொடுத்து, பாவித்த கைத்தொலைபேசி ஒன்றை வாங்கினேன். அது திருடப்பட்டது என்பதை ஏழு வாரங்கள் கழித்து, பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த அழைப்பின் மூலமே அறிந்தேன். இன்று அந்தத் தொலைபேசி அதன் உரிமையாளரிடம் இருக்கிறது. என் பணத்தில் பாதிக்கும் மேல் இன்னும் கடைக்காரரிடமே இருக்கிறது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே நிலை வேறெவருக்கும் வராமலிருக்க எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது நான் கவனமாக இருந்ததாகவே நினைத்தேன். தொலைபேசி பெட்டியோடு வந்தது. புதிய விலையைவிட மூன்றில் ஒரு பங்குதான் குறைவு என்பதால் சந்தேகப்படும்படி மலிவாகவும் இல்லை. `*#06#` என்று அழுத்தி, ஒரு கருவியை அடையாளம் காட்டும் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண்ணைப் பார்த்தேன். பிறகு `IMEI` என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கருவி பதிவுசெய்யப்பட்டது என்று பதில் வந்ததும் மனம் நிறைந்து பணத்தை வங்கி மூலம் அனுப்பினேன்.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது, பலரும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அந்தச் சேவை, ஒரு கருவி முறைப்படி நாட்டுக்குள் வந்து பதிவானதா என்பதையே சொல்கிறது. திருடப்பட்ட தொலைபேசியும் முதலில் ஒருவர் கடையில் முறைப்படி வாங்கியதுதான் என்பதால், அதற்கும் அதே நல்ல பதில்தான் வரும். அந்தப் பதிலைத் திருட்டுப் பொருள் அல்ல என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது தவறு இன்னும் எளிமையானது. இரண்டு சிம் போடும் தொலைபேசியில் `*#06#` அழுத்தினால் இரண்டு எண்கள் காட்டும், அவ்விரண்டும் பெட்டியின் ஒட்டுச்சீட்டிலும் இருக்க வேண்டும். எனக்குத் தரப்பட்ட பெட்டி அதே மாதிரித் தொலைபேசியின் பெட்டிதான், ஆனால் அது வேறொரு தொலைபேசிக்கு உரியது. அதிலிருந்த எண்கள் இரண்டும் வேறு. பெட்டி இருக்கிறது என்பதைப் பார்த்த நான், அதில் எழுதியிருப்பதை வாசிக்கவில்லை.

பொலிஸார் என்னைக் கண்டுபிடித்த விதம் பலருக்குத் தெரியாது. திருடப்பட்ட தொலைபேசியில் புதிய சிம் ஒன்றைப் போட்டவுடன், அந்தக் கருவியின் ஐஎம்இஐ எண்ணும் அந்தச் சிம்மின் எண்ணும் சேவை நிறுவனத்தின் பதிவில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. உரிமையாளரான சாவகச்சேரிப் பெண், தொலைபேசி பறிபோன மறுநாளே தன் பெட்டியிலிருந்த எண்களைக் கொடுத்து முறைப்பாடு செய்திருந்தார். என் சிம் என் அடையாள அட்டையில் பதிவாகியிருந்தது, தேடல் நேராக என் வீட்டுக்கு வந்தது.

பொலிஸ் நிலையத்தில் தொலைபேசியை ஒப்படைத்து வாக்குமூலம் கொடுத்தேன். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கினேன். அந்த நேரத்தில் அழைப்பு வந்த பதற்றத்தில் தொலைபேசியை அழிப்பதோ, வேறொருவருக்கு விற்றுவிடுவதோ பெருந்தவறாகும். தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி அல்லர், ஆனால் திருட்டுப் பொருள் என்று தெரிந்த பின்னும் அதை வைத்திருப்பவரும் கைமாற்றுபவரும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வேறு நிலைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு மிகவும் கசந்தது அடுத்துத் தெரியவந்த உண்மைதான். பணம் கொடுத்து, நல்லெண்ணத்தோடு, கடையில் வாங்கியவனுக்கு அந்தப் பொருளில் ஏதாவது உரிமை இருக்கும் என்று நம்பியிருந்தேன். சட்டத்தரணி ஒருவர் எனக்கு விளக்கியது இதுதான்: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு விற்க முடியாது. திருடனுக்கு உரிமை இல்லை, ஆகவே அவனிடம் வாங்கிய கடைக்காரருக்கும் இல்லை, கடைக்காரரிடம் வாங்கிய எனக்கும் இல்லை. இடையில் எத்தனை கைகள் மாறினாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், உரிமையாளர் பொருளைத் திருப்பிக் கேட்கலாம், அதற்காக எனக்கு அவர் ஒரு சதமும் தர வேண்டியதில்லை. உரிமையாளர் ஏமாற்றப்பட்டுத் தானே விற்றிருந்தால் கதை வேறு. உதாரணமாக, பணமில்லாக் காசோலையைப் பெற்று அவர் விற்றிருந்து, அந்த விற்பனையை அவர் இரத்துச்செய்யும் முன்னர், விடயம் தெரியாத ஒருவர் அதை வாங்கியிருந்தால், வாங்கியவருக்கு உரிமை சேரலாம். களவில் அந்த வாய்ப்பு இல்லை.

நீதவான் நீதிமன்றத்தில் அந்தப் பெண் கொள்வனவுப் பற்றுச்சீட்டையும், இரண்டு எண்களும் பொருந்திய உண்மையான பெட்டியையும் காட்டினார். தொலைபேசி அவரிடம் கொடுக்கப்பட்டது. நான் எதிர்க்கவில்லை, எதிர்க்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னிடம், "அண்ணா, அதுக்குள்ள அப்பான்ர குரல் பதிவுகள் இருந்தது, நீங்கள் எடுக்கேக்க ஏதும் இருந்ததோ?" என்று கேட்டார். என் கைக்கு வரும்போதே அது முழுவதும் அழிக்கப்பட்டிருந்தது. அவருடைய தந்தை உயிரோடு இல்லை என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு என் இழப்பைப் பற்றி அவரிடம் பேச என்னால் முடியவில்லை.

என் கோரிக்கை கடைக்காரரிடம்தான் இருக்க வேண்டும். அவரிடம் போனபோது, "நாங்களும் காசு குடுத்துத்தான் வாங்கினனாங்கள் தம்பி, எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் விற்பவருக்குப் பொருளின் மீது விற்கும் உரிமை இருக்கிறது என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய உறுதி. நம் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. உரிமை இல்லாத பொருளை விற்றதால் விலையைத் திருப்பித் தர வேண்டும்.

சட்டம் என் பக்கம் இருந்தும், நான் விற்பனையை நிறுவ முடியாமல் தடுமாறினேன். அவர் தந்த பற்றுச்சீட்டில் தொலைபேசியின் பெயரும் விலையும் "உத்தரவாதம் இல்லை" என்ற வரியும் மட்டுமே இருந்தன. ஐஎம்இஐ எண் இல்லை. பொலிஸார் எடுத்த தொலைபேசிதான் அவர் எனக்கு விற்ற தொலைபேசி என்று காட்ட அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை. வாங்குவதற்கு முன் அவர் எனக்கு அனுப்பிய படங்களில் ஒன்றில் `*#06#` திரை தெரிந்ததும், வங்கிப் பரிமாற்றத்தில் திகதி இருந்ததும்தான் என்னைக் காப்பாற்றின. அவற்றின் பிரதிகளோடு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பின்னர் மத்தியஸ்த சபைக்கு முறையிட்டேன், ஏனென்றால் இந்த அளவு சிறிய தொகைக்கான பிணக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும். அங்கே தீர்க்க முடியாமல் போனால் அதற்கான சான்றிதழைப் பெற்று வழக்குத் தொடரலாம்.

இரண்டாவது அமர்வில் மூன்று தவணையாகத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். முதல் தவணையாக 25,000 ரூபா கிடைத்தது. மீதம் 43,000 ரூபாவுக்காகக் காத்திருக்கிறேன்.

பாவித்த தொலைபேசி வாங்குபவர்கள் பற்றுச்சீட்டில் இரண்டு ஐஎம்இஐ எண்களையும், விற்பவரின் பெயரையும், அடையாள அட்டை எண்ணையும் எழுதுவித்துக் கையொப்பம் வாங்குங்கள். கடைக்காரர் அதற்கு மறுத்தால் அந்தத் தொலைபேசியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், இன்று இரவே பெட்டியை எடுத்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால், சிம் பதிவைப் பார்த்துப் பொலிஸார் வரும்வரை காத்திராமல், பற்றுச்சீட்டோடு நீங்களே முதலில் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள்.