ஓடிபி ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தால், விளக்கம் சொல்லாதீர்கள். முதலில் தடுத்து நிறுத்துங்கள்

மூன்று வாரம் முன்னால் ஒரு மதிய வேளையில் சித்தியிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. படம் மட்டும்தான். "இது என்ன" என்றுகூட எழுதவில்லை. திறந்து பார்த்தால் எஸ்எம்எஸ் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட். "Your WhatsApp code" என்று தொடங்கி, நடுவில் ஹைஃபன் போட்ட ஆறு இலக்க எண், அதன் கீழே ஒரு லிங்க், கடைசி வரியில் இதை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில்.

நான் வேலையில் இருந்தேன். சித்திக்கு எங்கிருந்து வந்த மெசேஜ் என்று புரியவில்லை போல, பேங்க் என்று பயந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். "இது வாட்ஸ்அப் அனுப்பினது சித்தி, பேங்க் இல்ல, பயப்படாதீங்க" என்று தட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நான் எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலால்தான் சித்தியின் கணக்கு போனது, எங்கள் குடும்பத்தில் 18,000 ரூபாயும் போனது.

நடந்தது இதுதான். சித்தியோடு தையல் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் எண்ணிலிருந்து, "அக்கா, எனக்கு வர வேண்டிய கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்திருச்சு, அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, அவசரம்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கணக்கு முந்தின நாளே திருடப்பட்டுவிட்டது. சித்திக்கு அது தெரியாது. தெரிந்த பெயர், தெரிந்த போட்டோ. இருந்தாலும் மனதில் ஏதோ உறுத்தியதால், அவளுக்கு அனுப்பும் முன் எனக்கு அனுப்பினார். பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதும், சரி, அனுப்பலாம் போல என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோடு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் போனில் வாட்ஸ்அப் போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண் நம்முடையதுதானா என்று சோதிக்க ஆறு இலக்கக் கோடு வரும். அது கணக்கின் எண்ணுக்குத்தான் வரும். வேறொருவருக்கு வர வேண்டியது "தப்பாக" நம் எண்ணுக்கு வருவதற்கு வழியே இல்லை. யாரோ ஒருவன் தன் போனில் சித்தியின் எண்ணைப் போட்டுவிட்டு, அந்த ஆறு இலக்கத்துக்காகக் காத்திருந்தான். படம் கிடைத்ததும் உள்ளே போய்விட்டான். சித்தியின் போனில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது.

திருடியவனுக்குப் பழைய உரையாடல்கள் தெரியாது, அவை சித்தியின் போனில்தான் இருக்கும். ஆனால் சித்தி இருந்த குரூப்புகள் எல்லாம் அவனுக்குத் தெரியும், அதில் இருப்பவர்களின் எண்களும் கிடைக்கும். அது போதுமாக இருந்தது. அரை மணி நேரத்தில் உறவினர்கள் பலருக்கும் சித்தி பெயரில், "ஆஸ்பத்திரியில இருக்கேன், என் ஜிபே வேலை செய்யல, 18,000 இந்த நம்பருக்குப் போடு, சாயங்காலம் தர்றேன்" என்று போனது. சித்தியின் நாத்தனார் மகன் போட்டுவிட்டான். சித்திக்குப் போன் செய்து கேட்டிருக்கலாமே என்று அவனை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை.

கணக்கை மீட்கப் போனபோதுதான் அடுத்த சிக்கல். மறுபடி சித்தியின் போனில் எண்ணைப் போட்டால், பலமுறை முயன்றுவிட்டதால் சில மணி நேரம் பொறுங்கள் என்றது. இரவில் ஒருவழியாகப் புதுக் கோடு வந்தது, போட்டோம். அடுத்து ஆறு இலக்கப் பின் நம்பர் கேட்டது. அது சித்தி வைத்ததே இல்லை, திருடியவன் வைத்தது. பின் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எஸ்எம்எஸ் கோடை நாம் சரியாகப் போட்ட அந்த நொடியே அவன் வெளியேற்றப்பட்டுவிடுவான், நமக்கு அந்தப் பின் நம்பர் தெரியாவிட்டாலும். ஆகவே அந்தப் பின் திரையைப் பார்த்து நம்பிக்கை இழந்து விட்டுவிடாதீர்கள். கோடு வரவில்லை என்றால், பொறுக்கச் சொன்ன நேரம் முடிந்ததும் மறுபடி கேளுங்கள். அதற்கிடையில் எல்லோருக்கும் குரலில் போன் செய்து சொல்லுங்கள், குரூப் அட்மின்களிடம் அந்த எண்ணை நீக்கச் சொல்லுங்கள். நாங்கள் இதை மாலைவரை செய்யவில்லை.

பணத்துக்கு 1930-ஐ அழைத்தோம், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டார்கள். அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிட்டது. இதுவரை கைக்கு எதுவும் வரவில்லை.

சித்தியின் போனில் அந்த நாள் மெசேஜ்களின் நேரத்தை வரிசையாகப் பார்த்தேன். எனக்குப் படம் வந்ததற்கும் அவர் திருடனுக்கு அதை அனுப்பியதற்கும் நடுவில் நான்கு நிமிடம் இருந்தது. அந்த நான்கு நிமிடம் என் கையில்தான் இருந்தது.

ஒருவர் ஓடிபி படத்தை எதுவும் எழுதாமல் அனுப்பினால், நமக்கு அது ஒரு கேள்வியாகத் தெரிகிறது. யார் அனுப்பியது, எதற்கு, என்ன அர்த்தம் என்று விளக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் அதே எண்ணுக்காக யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா என்பது படத்தில் தெரியாது. கோடு சில நிமிடங்களுக்குத்தான் உயிரோடு இருக்கும், கேட்பவனும் அந்த நிமிடங்களுக்குள்தான் அவசரப்படுத்துவான். விளக்கத்தைப் பத்து நிமிடம் கழித்துச் சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தடுப்பதைப் பத்து நிமிடம் கழித்துச் செய்தால் பயனில்லை. அதனால் இப்போது என் முதல் வரி இதுதான்: "இதை யாருக்கும் அனுப்பாதீங்க. யாராவது கேட்டாங்களா?" உடனே போன் செய்கிறேன். தானே கேட்காமல் வந்த கோடு என்றால் எதுவும் செய்யாமல் விட்டாலே போதும். யாரும் அதைப் போடாதவரை அது வெறும் எண், காலாவதியாகிவிடும்.

எனக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தேகம் கேட்பதற்காகக்கூட ஓடிபியைப் படமெடுக்க வேண்டாம். எண்ணை மட்டும் விரலால் மறைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்தியின் மெசேஜில் அதே ஆறு இலக்கம் கீழே லிங்க்கின் கடைசியிலும் இருந்தது. போதாததற்கு, மேலே பேங்க் மெசேஜ் ஒன்று மீதித்தொகையோடு பாதி தெரிந்துகொண்டிருந்தது. படம் கேலரியில் தங்கும், பேக்கப்பிலும் ஏறும். "ஒரு கோடு வந்திருக்கு, நான் கேட்கல" என்று வாயால் சொன்னாலே எங்களுக்குப் புரிந்துவிடும். குடும்ப குரூப்பில் போடுவது இன்னும் ஆபத்து, அதில் இருக்கும் ஒருவரின் கணக்கு ஏற்கெனவே திருடன் கையில் இருக்கலாம்.

எட்டாவது நாள் சித்தியின் கணக்கு திரும்பக் கிடைத்தது. அன்றே உட்கார்ந்து அவருக்கு ஒரு பின் நம்பர் வைத்துக் கொடுத்தேன்: Settings, Account, Two-step verification. அது முன்பே இருந்திருந்தால் அந்த ஆறு இலக்கம் மட்டும் வைத்து அவனால் உள்ளே போயிருக்க முடியாது. பின் மறந்தால் மீட்க அங்கேயே மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கலாம், கொடுத்துவிடுங்கள். தையல் வகுப்புப் பெண்ணுக்கும் போன் செய்து சொல்லிக்கொடுத்தோம். அவள் எண்ணிலிருந்து இன்னும் நான்கு பேருக்கு அதே மெசேஜ் போயிருந்தது, அதில் இருவர் கோடை அனுப்பிவிட்டார்கள்.