டிப் வச்ச இயர்பட்ஸா, டிப் இல்லாததா? தாம்பரம் - பீச் ட்ரெயின்ல ரெண்டையும் போட்டுப் பார்த்தேன்

ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஒண்ணு சிலிக்கான் டிப்போட நாய்ஸ் கேன்சலிங் உள்ளது, இன்னொண்ணு டிப் இல்லாம காதுல சும்மா உக்கார்றது.

சவுண்டுல டிப் வச்சதுதான், ட்ரெயினோட அந்த 'ஊம்ம்' இரைச்சல நல்லாவே அமுக்கிடுது, ஆனா பக்கத்து சீட் பேச்சும் ஹாரனும் கொஞ்சம் கேக்கத்தான் செய்யும், நாய்ஸ் கேன்சலிங் முக்கியமா தாழ்வான சத்தத்துக்குத்தான். டிப் சைஸ் சரியில்லன்னா பேஸே வராது, வாயத் திறந்து மூடும்போது பேஸ் போய்ப் போய் வந்தா காதுல சரியா அடைக்கலன்னு அர்த்தம், எனக்கு இடது காதுக்கு மட்டும் பெரிய சைஸ் மாத்தினதும் சரியாச்சு. வேர்த்தா வழுக்கும், தொடைச்சு மாட்டணும்.

டிப் இல்லாதது மாம்பலம் கூட்டத்துல சவுண்ட ஃபுல்லா வச்சாலும் பாட்டு கேக்காது, காதுக்கும் கெடுதல்.

ஃபோன் கால்னு வந்தா டிப் இல்லாததுதான் சுகம். காது அடைபடாததால நம்ம குரல் மண்டைக்குள்ள முழங்காது, கத்திப் பேச மாட்டோம். வாசல் பக்கம் காத்து அடிச்சா ரெண்டு மைக்கும் அவுட்டு.

பேட்டரி டிப் வச்சதுக்கு சீக்கிரம் இறங்குது, நாய்ஸ் கேன்சலிங் ஆஃப் பண்ணா இன்னும் அதிக நேரம் வரும்.

ட்ரெயினுக்கு டிப் வச்சது, ரோடு கிராஸ் பண்ணி நடக்கறவங்களுக்கு இன்னொண்ணு.