மழை நாளில் காரைக்குடி டாக்ஸி: வாடகை ஏன் எகிறுது?

ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று, காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் வழியில் ஓட்டுநரும் சிங்கப்பூர்ப் பயணி ஒருவரும் பேசியதைத் தருகிறேன். ரூபாய்க் கணக்கு விளக்கத்துக்காகச் சொன்னது, விலைப்பட்டியல் அல்ல.

“தூரம் அதே தூரந்தானேண்ணே, மழைன்னா ஏன் கூட?”

“தூரத்த விடுங்க சார், நேரத்தப் பாருங்க. வெயில்ல போக 25 நிமிஷம், சவாரி இல்லாம திரும்ப 25. இடையில கொஞ்சம் காத்துக் கிடந்தாலும் 4 மணி நேரத்துல 4 நடை அடிச்சிருவேன். நடைக்கு 400னா 1,600. மழையில போக 40, வர 40. அதே 4 மணி நேரத்துல 3 நடைதான். பழைய வருமானம் வரணும்னா நடைக்கு 530க்கு மேல வேணும்.”

“சரி, 800 கேக்குறாங்களே?”

“மிச்சம் வண்டித் தட்டுப்பாடு. தூத்தல் விழுந்ததும் பைக்க எடுக்க வேண்டியவுக எல்லாம் கார் தேடுறாக. அதே நேரத்துல எங்காளுக பாதிப்பேர் வண்டிய ஓரங்கட்டிருவாக. கண்மாய் மறுகால் பாஞ்சு தரைப்பாலத்துல தண்ணி ஏறினா, காத்து இழுக்குற குழாய் வழியா எஞ்சினுக்குள்ள போயிரும். தண்ணிய அமுக்க முடியாதுல்ல, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அப்படி நின்ன வண்டிய மறுபடி ஸ்டார்ட் பண்ணா கத முடிஞ்சுச்சு. எஞ்சினுக்குன்னு தனியாச் சேக்காட்டி இன்சூரன்ஸ்லயும் பெரும்பாலும் காசு வராது.”

“கார் புக் பண்ற ஆப்புல வாடகைய யாரு ஏத்துறா?”

“ஆளு இல்ல, கணக்குதான். ஒரு வட்டாரத்துல எத்தன பேர் கேக்குறாக, எத்தன வண்டி சும்மா நிக்குதுன்னு பாத்து அப்பப்ப மாத்தும். மத்திய அரசு 2020ல ஒன்றரை மடங்குன்னு உச்சவரம்பு சொல்லுச்சு, 2025 ஜூலைல 2 மடங்காக்கிருச்சு. அந்த மடங்கும் மாநிலம் அறிவிக்கிற அடிப்படைக் கட்டணத்த வச்சுத்தான். ஆப்பு கம்பெனிகளுக்குத்தான் அது. ஸ்டாண்டு வண்டிக்கு வாய்ப்பேச்சுதான்.”

அந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் ஃபோன் பண்ணித்தான் வண்டி பிடிக்கிறோம். அங்கே உச்சவரம்பு நமக்குத் துணை வராது.

“அப்ப என்னதான் செய்யுறது?”

“ஆப்புன்னா அரை மணி பொறுத்துப் பாருங்க. மழை விட்டதும் வண்டியெல்லாம் திரும்ப வந்துரும், ரேட்டும் இறங்கும். புக் பண்ண பிறகு டிரைவர் ஃபோன்ல கூடக் கேட்டா, நீங்களா கேன்சல் பண்ணாதீக, தண்டம் உங்க தலையில விழும். அவரையே பண்ணச் சொல்லுங்க. ரயிலு, பிளைட்டு பிடிக்கணும்னா முதநாளே ஸ்டாண்டுல தொகையப் பேசிருங்க. டோல், பேட்டா உண்டா இல்லையா, தரைப்பாலம் மூழ்கிச் சுத்திப் போனா கூடுற கிலோமீட்டர் யாருக்குன்னு கேட்டுக்கங்க. பாதிச் சண்டை அந்தக் கடைசியிலதான் வருது.”