பத்து வருஷ பேட்டரி என்று சொன்னார்கள், ஏழு மாதத்தில் செத்தது: மலை டவர் எடுத்திருப்பவர்கள் கவனியுங்கள்

இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய். நகையை வைத்துப் புரட்டிய பணம். நேற்று மாலை வாரண்டி கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். இன்னொருவர் இதே கடையில், இதே மாதிரிக் கடைகளில், இதே வார்த்தையை நம்பி ஏமாறக்கூடாது.

நான் செல்போன் டவர் பராமரிப்பு எடுத்துச் செய்யும் சின்ன ஒப்பந்ததாரர். கள்ளக்குறிச்சி பக்கம் சில டவர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. டீசலும் பேட்டரியும் என் செலவு. மாதத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள், டவர் அணைந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். அதில் ஒரு டவர் கல்வராயன் மலை மேல் இருக்கிறது. அங்கே போகும் லைன் காட்டுக்குள் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் விடியற்காலை நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும், அநேகமாகத் தினமும். இதுவரை ஜெனரேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். டீசலை மலைக்கு ஏற்றிப் போகும் வண்டி வாடகை தனி. நல்ல பேட்டரி போட்டால் ராத்திரி முழுக்க ஜெனரேட்டரை நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை. பேட்டரிதான் தப்பு.

பொங்கலுக்கு முன்னால், டவர் பேட்டரி மொத்தமாக விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை. முதலாளி டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். நான் ஒளிக்கவில்லை, முதல் வார்த்தையே அதுதான்: "அண்ணே, தினமும் பத்து மணி நேரம் கரண்ட் இருக்காது. டவர் நாற்பது ஆம்பியர் இழுக்கும். தாங்குமா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "தம்பி, டவருக்குன்னே செஞ்ச பேட்டரி இது. பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டவுனுக்குள் இருக்கும் என் இன்னொரு டவரில் அதே கம்பெனியின் அதே மாடல் எட்டு வருஷமாக ஓடுகிறது. அதைச் சொன்னதும் அவர், "அப்புறம் என்ன யோசனை?" என்றார். 2 வோல்ட், 600 ஆம்பியர் மணி செல், இருபத்து நான்கு. ஒன்று ஒன்பதாயிரம். மொத்தம் 2,16,000. அன்றைக்கே கட்டினேன்.

அந்த டவுன் டவர்தான் என்னை ஏமாற்றியது என்று இப்போது புரிகிறது. அங்கே கரண்ட் போனால் அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அரை மணிக்கு இருபது ஆம்பியர் மணி செலவாகும், 600-ல் அது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பேட்டரி நிரம்பிய நிலையிலேயே 54 வோல்ட்டில், அதாவது செல்லுக்கு 2.25 வோல்ட்டில், சும்மா உட்கார்ந்திருக்கும். இதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். அப்படி உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்கு வயது வருஷக் கணக்கில்தான் ஏறும். உள்ளே பாசிட்டிவ் தட்டின் ஈயச் சட்டம் மெதுவாக அரித்துக்கொண்டே போகும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். பத்து வருஷம் என்று அட்டையில் அச்சடிப்பது இந்தப் பயன்பாட்டுக்குத்தான், அதுவும் மிதமான வெப்பநிலையில்.

மலை டவரில் நடப்பது வேறு. அங்கே ஒவ்வொரு ராத்திரியும் 400 ஆம்பியர் மணி, மூன்றில் இரண்டு பங்கு, வெளியே போகிறது. சார்ஜ் இறங்கும்போதும் ஏறும்போதும் தட்டில் இருக்கும் பசை உப்பிச் சுருங்குகிறது. தினமும் அப்படி நடந்தால் அந்தப் பசை இளகிப் பிடிப்பு விட்டுப்போகும். இங்கே வயதை வருஷத்தில் எண்ணக்கூடாது, எத்தனை முறை இறங்கி ஏறியது என்றுதான் எண்ண வேண்டும். கடைக்காரர் கொடுத்த டேட்டா ஷீட்டிலேயே அது இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பத்து வருஷம். மூன்றாவது பக்கத்தில் சின்னக் கட்டத்தில், 50 சதவீதம் இறக்கினால் 900 முறை, 80 சதவீதம் இறக்கினால் 500 முறை. என் டவருக்கு நடுவில் வைத்து 650 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு முறை என்றால் இரண்டு வருஷம்கூட முழுசாக வராது. அதுவும் ஒவ்வொரு முறையும் முழுக்க நிரப்பிவிட்டு இறக்கினால் வரும் எண்ணிக்கை. அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எவனாவது பத்து வருஷம் என்று சொல்வானா?

இரண்டு வருஷமாவது வந்திருக்கலாமே, ஏழே மாதத்தில் ஏன் போனது? அதற்கும் அவர்கள்தான் காரணம். பேட்டரியை மாட்ட வந்த அவர்களுடைய பையன், கரண்டை டவருக்கும் பேட்டரிக்கும் டிசியாக மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையரின் கன்ட்ரோலரில் ஃப்ளோட் 54.0 என்று வைத்தான். அடுத்த திரையில் BOOST என்ற வரிக்குப் போய் DISABLE அழுத்தினான். ஏன் தம்பி என்று கேட்டேன். "சீல்டு பேட்டரிண்ணே, பூஸ்ட் கொடுத்தா கெட்டுடும்" என்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தினமும் இறங்கும் பேட்டரிக்கு 54 வோல்ட் போதாது. செல்லுக்கு 2.30, அதாவது 55.2 வோல்ட் வரை கொஞ்ச நேரம் கொடுத்தால்தான் அடுத்த கரண்ட் கட்டுக்குள் நிரம்பும். என்னிடம் இருப்பது ஐம்பது ஆம்பியர் ரெக்டிஃபையர் மாட்யூல் இரண்டு. நாற்பதை டவர் எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு அறுபது. அந்த வேகத்தில் முதல் முக்கால் பங்கு சீக்கிரம் ஏறிவிடும். கடைசிப் பங்குதான் இழுக்கும், 54 வோல்ட்டில் அது நாள் கணக்கில் இழுக்கும். எனக்குக் கிடைப்பதோ காலை நாலிலிருந்து மாலை ஆறு வரை, அதிலும் பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் போய்ப் போய் வரும். ஆக ஒவ்வொரு சாயங்காலமும் முழுசாக நிரம்பாமலே மறுபடி இறங்கியிருக்கிறது. நிரம்பாமல் விட்ட பங்கு ஈய சல்பேட்டாகத் தட்டிலேயே தங்கி, நாளாக ஆக இறுகிப்போனது. அதற்குப் பிறகு 55.2 கொடுத்தாலும் பெரிதாக மீளாது. நான் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் முதல் தடவையாக நடுராத்திரியில் டவர் அணைந்தது. ஏழாம் மாதம் நானே மல்டிமீட்டருடன் மேலே போய் உட்கார்ந்தேன். 6.10-க்குக் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு செல்லாக அளந்தேன். பாதிக்கு மேல் 1.97, 1.98 என்று காட்டின. ஏழாவது செல் 1.91. பதினைந்தாவது 1.84. பத்தொன்பதாவது 1.70. புது செல்லாக இருந்தால் அந்த நேரத்தில் எல்லாம் 2 வோல்ட்டுக்கு மேல் ஒரே மாதிரி நிற்க வேண்டும். 9.20-க்கு மொத்தம் 43.2 வோல்ட் ஆனது, கன்ட்ரோலர் டக்கென்று பேட்டரியைத் துண்டித்துவிட்டது. புதிதில் பதினைந்து மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி மூன்று மணி பத்து நிமிடத்தில் முடிந்தது.

காலையில் கரண்ட் வந்ததும் இன்னொன்றைப் பார்த்தேன். முதலில் அறுபது ஆம்பியர் ஏறியது. நாற்பது நிமிடத்தில் வோல்ட் 54-ஐத் தொட்டு, ஆம்பியர் பதினைந்துக்கு விழுந்துவிட்டது. சீக்கிரம் நிரம்பிவிட்டதே என்று முன்பெல்லாம் நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது நிரம்பவில்லை, வாங்கிக்கொள்ள முடியாமல் திணறுகிறது. முந்தின ராத்திரி அவ்வளவு நேரம் இறங்கிய பேட்டரி நாற்பது நிமிடத்தில் முழுசாகிறதென்றால் அது சீக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, கடைக்குப் போன் போட்டேன். முதல் முறை, "செட்டிங் பாருங்க தம்பி." செட்டிங் போட்டதே உங்கள் ஆள்தானே என்றேன், லைன் கட். அப்புறம் கம்பெனி இன்ஜினியர் வருவார் என்று இரண்டு வாரம் இழுத்தார்கள். வாட்ஸ்ஆப்பில் செல் வாரியாக அளவு எழுதி போட்டோவுடன் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் இன்ஜினியர் வந்தார். ஒரு செல்லைக்கூடத் தொட்டு அளக்கவில்லை. லேப்டாப்பைச் செருகி, கன்ட்ரோலரில் இருந்த பதிவை எடுத்துக்கொண்டார். ஐம்பது முறைக்கு மேல் 43.2 வரை இறங்கியிருக்கிறது, அதனால் அதீத டிஸ்சார்ஜ், பயன்படுத்தியவர் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த 43.2-ஐ வைத்ததும் அவர்கள் ஆள்தான்! அந்த அளவில் துண்டித்ததால்தான் பேட்டரி அதற்குக் கீழே போகவே இல்லை.

நேற்று நேரில் போனேன். டீ இல்லை. முதலாளி வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: ஃப்ளோட் பயன்பாட்டுக்கு மட்டும். "நீங்க தினமும் டிஸ்சார்ஜ் பண்ணா பேட்டரி என்ன தம்பி பண்ணும்?" என்று என்னிடமே கேட்கிறார். ஜனவரியில் அவர் எதிரே உட்கார்ந்து நான் சொன்ன முதல் வார்த்தையே அதுதானே? "அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றார். வேண்டுமானால் பழைய ஈய விலைக்கு ஐம்பத்தைந்தாயிரம் கழித்துக்கொண்டு புது செட் தருகிறாராம், அதே மாடல். 2,16,000 கொடுத்தவனிடம் இதைச் சொல்ல எப்படி வாய் வந்தது?

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நேரமில்லை. அவசரமாகச் சொல்கிறேன். கரண்ட் தினமும் மணிக்கணக்கில் போகும் இடத்துக்குப் பத்து வருஷம் என்ற பேச்சையே காதில் வாங்காதீர்கள், எத்தனை சதவீதம் இறக்கினால் எத்தனை முறை என்று கேளுங்கள், பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தினமும் எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்காது என்பதையும் அதே பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த மாதிரி இடத்துக்கு ட்யூபுலர் ஜெல் கேளுங்கள், பாசிட்டிவ் பசையைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பதால் இறக்கி ஏற்றுவதைக் கூடுதலாகத் தாங்கும். காசு இருந்தால் லித்தியம், அது அரைகுறையாக நிரம்பி நின்றாலும் இறுகாது, ஆனால் ரெக்டிஃபையர் செட்டிங் அதற்கென்று மாற்ற வேண்டும். பூஸ்டை அணைக்க வந்தால் கையைப் பிடியுங்கள். மாட்டிய முதல் வாரமே ஒரு முறை முழுக்க இறக்கி, செல் வாரியாக எழுதி, கடைக்காரன் ஆளிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை.

நுகர்வோர் கோர்ட்டில் போட முடியுமா, தொழிலுக்கு வாங்கியது என்று தள்ளிவிடுவார்களா என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். பில்லும் அந்த இன்ஜினியர் எழுதிய தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சாயங்காலம் ஆறுக்குள் நாற்பது லிட்டர் டீசலோடு நான் மலை ஏற வேண்டும்.